மூத்தவன் படம் மாறும் இடம்

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம். அந்தமான் மாயாபந்தரில், எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் சாயங்காலம் விருந்து. பழைய போட்டோக்களை வரிசையாக ஓடவிட்டு, அப்பாவின் குரலையும் கோவில் பேண்டு வாத்தியத்தையும் சேர்த்து ஒரு வீடியோ போடப்போகிறேன் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், என் அண்ணன் சிலுவைராஜ் வருகிறான். அப்பாவோடு படகுத் தொழிலுக்கு வர மாட்டேன் என்று போர்ட் பிளேருக்கு வேலைக்குப் போனவன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது. இன்றைக்கும் பேசாவிட்டால் இனி என்றைக்குப் பேசுவார்கள் என்பதுதான் என் கவலை.

படங்கள் எல்லாம் அப்பா இந்தத் தீவில் குடியேறிய காலத்தவை. கப்பல் தளத்தில் தகரப் பெட்டியோடு அப்பா, காடு வெட்டிய இடத்தில் குடிசை, கைக்குழந்தையாக அண்ணன், மரம் இழுக்கும் யானை. குட்வில் எஸ்டேட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் சிநேகிதன் உதயசூரியன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். எங்கள் பேண்டுக்காரர்கள் போகப் போக வேகம் பிடிக்கிறவர்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே தாளம் நழுவிவிடும். அதனால் பாட்டை ஓடவிட்டு, டிரம் விழும்போதெல்லாம் நான் கீபோர்டில் தட்டி அடையாளம் வைத்தேன். அந்த அடையாளங்களில் அவன் படத்தை மாற்றினான். அப்பா பேசும் இடங்களில் மட்டும் தாளத்தை விட்டுவிட்டு, அவர் வாக்கியம் தொடங்குகிற இடத்தில் படம் மாறும்படி வைத்தோம். அச்சாய்ப் பொருந்தியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

விருந்துக்கு முன்னால் மண்டபத் திரையில் ஓட்டிப் பார்த்தோம். தாளமெல்லாம் ஜோர். "மூத்தவன் பொறந்தான்" என்று அப்பா குரல் சொல்ல, அண்ணன் படம் வந்தது. படம் மாறுவதற்குள் குரல் அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிட்டது. "அது இருக்கே, சொன்ன பேச்சு கேக்காத யானை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் அண்ணன், பேச்சு யானையைப் பற்றி. இதை அவன் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுவான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"படத்தப் பொருத்தினப்புறம் பாத்தேன், நடுவுல சும்மா மௌனமா இருந்துச்சு செல்வி. சவுண்டு கம்மியா இருக்கிற இடத்தையெல்லாம் சாப்ட்வேரே வெட்டிடும். குரல்ல மட்டும் போட்டேன். டென்ஷன் மத் லே, பதறாத."

"குரல வெட்டுனா பின்னால வர்ற பேச்சு பூரா முன்னால நகராதா? படம் அங்கயே நிக்குமே, மடையா. ஜல்தி, பழையத எடு."

வெட்டாத குரல் என் போனிலேயே இருந்தது. அதை எடுத்து வைத்ததும் யானை தன் இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்த மௌனத்தின் நடுவில், லேப்டாப்பில் ஓடிய ஒலியின் அலைக்கோடு சின்னதாக ஒரு மேடு காட்டியது. பதிவு செய்த அன்று போனை அப்பா முன்னால் வைத்துவிட்டு நான் மீன்காரியிடம் பேரம் பேச ஓடியிருந்தேன். இப்போது ஹெட்போனை மாட்டி, அந்த இடத்தில் மட்டும் சத்தத்தை ஏற்றினேன்.

அம்மாவின் குரல்: "பேரச் சொல்லுங்களேன்."

பிறகு அப்பா, தொண்டைக்குள்ளேயே: "சிலுவ. எஞ் சிலுவ."

நான் அழுதேன். வெட்கமென்ன, நன்றாகவே அழுதேன். உதயன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான்.

"வாத்தியம் இந்தக் குரல மூடிடும். அந்த இடத்துல வாத்தியத்த வெட்டிடட்டுமா?"

"வெட்டாத. வெட்டுனா பின்னால வர்ற தாளமெல்லாம் ஓடிடும். அந்த இடம் மட்டும் ஊமையாக்கு. டிரம் ஒரு அடியில நிக்கணும், இன்னொரு அடியில எழும்பணும்."

அண்ணன் படத்தையும் 'மூத்தவன்' என்ற சொல்லிலிருந்து பின்னுக்குத் தள்ளினோம். அதுவரை குடிசைப் படமே நிற்கும். பெயர் வாயிலிருந்து வருகிற அதே கணத்தில் குழந்தை வர வேண்டும். இரண்டு முறை தப்பிப்போய், அப்புறம்தான் சரியாக உட்கார்ந்தது.

மண்டபம் நிறைந்தது. அண்ணன் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தான். அப்பா முன் வரிசையில், திரும்பியே பார்க்காமல். விளக்கை அணைத்தோம்.

பேண்டு முழங்க முழங்கப் படம் மாற, கைதட்டல் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. குடிசை. "மூத்தவன் பொறந்தான்." டிரம் ஒரு அடியில் நின்றது. மண்டபமும் அடங்கியது. அம்மாவின் குரல். பிறகு அந்தப் பெயர், கூடவே குழந்தைப் படம்.

அப்பா எழுந்து என்னை முறைத்தார். பேண்டு மறுபடி எழும்பி யானை வந்துவிட்டது, யாரும் யானையைப் பார்க்கவில்லை.

"செல்வி," கடைசி வரிசையிலிருந்து அண்ணன் குரல் உடைந்து வந்தது. "அந்த எடத்த இன்னொரு தரம் போடு."

போட்டேன். முடிந்ததும் மறுபடி, "இன்னொரு தரம்" என்றான்.

என் விரல் பொத்தானுக்குப் போவதற்குள் அப்பா அவன் பக்கம் திரும்பியிருந்தார்.

"எத்தன தரம்ல அந்தப் பெட்டியில கேப்ப? இங்க வா. நானே சொல்லுதேன்."