இருவர் பார்த்த ஒரே வேலை

கணவர் ரஜீவுக்குப் பக்கவாதம் வந்த மூன்றாவது வாரம், மாதுமை ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துவிட்டாள். ஈப்போவில் ஒரு தனியார் டயாலிசிஸ் நிலையத்தில் பதினோரு வருடங்களாக அவள்தான் ஒருங்கிணைப்பாளர். நோயாளிகளின் நேரம், அவர்களை அழைத்துவரும் வேன், வெளியூர் போகிறவர்களுக்கு அங்குள்ள நிலையத்தில் சிகிச்சை ஏற்பாடு எல்லாம் அவள் மேசையில்தான். திங்களும் செவ்வாயும் ரஜீவை நடைப்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேறு யாரும் இல்லை.

கடிதத்தைக் கொடுக்க விடாமல் தடுத்தது அமல். குழந்தை பிறந்ததும் அதே நிலையத்தில் வேலையை விட்டு நின்றுகொண்டவள், பக்கத்து ஊரான செமோரில் இருக்கிறாள்.

"அக்கா, எனக்கும் முழு வேலை முடியாது. பாதி வேலைன்னா வாரேன். ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம்லா."

மூன்று மாலைகள் அமலின் வாப்பா நடத்தும் உணவகத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கத் திட்டம் எழுதினார்கள்.

நிர்வாகி சரளா அதை இரண்டு முறை படித்தார். திங்கள், செவ்வாய் அமல். வியாழன், வெள்ளி மாதுமை. புதன் காலை அமல், பிற்பகல் மாதுமை. சனிக்கிழமை அரைநாள், மாறி மாறி. புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை இருவரும் இருந்து கைமாற்றிக்கொள்வார்கள். திங்கள் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் தொலைபேசியில் கைமாற்றம். ஒருவர் லீவு என்றால் மற்றவர் வருவார். நோயாளிகளுக்கு எப்போதும் ஒரே தொலைபேசி எண்.

"மத்தவங்க பாத்துக்குவாங்கன்னு நெனச்சு, ரெண்டு பேருமே விட்டுட்டா?" என்றார் சரளா.

"ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேர்தான் எழுதுவோம் மேடம். முடியிற வரைக்கும் அது அவங்க பொறுப்பு. கைமாத்துனா பேர மாத்தி எழுதுவோம்," என்றாள் மாதுமை.

"நல்லா நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அமல் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அன்றே திருப்பி அழைத்த அழைப்புகள் எத்தனை, வேன் தவறியது எத்தனை, வெளியூர் போகிறவர்களின் ஆவணம் மூன்று நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்ததா. மாதுமை தனியாகப் பார்த்த கடைசி மூன்று மாதத்தின் எண்கள் பக்கத்திலேயே இருந்தன. மூன்று மாதச் சோதனை. எண்கள் அதைவிட மோசமானால் ஏற்பாடு முடியும், மாதுமை ஒரு மாத முன்னறிவிப்போடு நின்றுகொள்வாள்.

சரளா பேனாவை எடுத்தார். "மாசா மாசம் நீங்களே எங்கிட்ட வந்து சொல்லணும். நானா கேட்டு வாங்குற மாதிரி இருக்கக் கூடாது."

முதல் மாதம் ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஊசி குத்தும் நேரத்தில் ஐயாவு என்ற பெரியவர் மாதுமையைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை தஞ்சோங் மாலிம்ல டயாலிசிஸுக்கு எத்தன மணிக்குப் போவணும்மா? அங்கதான் பேத்தி கல்யாணம். செவ்வாக்கிழமையே அமலுகிட்ட சொல்லிட்டேன்."

கைமாற்றும் தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. மாதுமை போனை எடுத்தாள். வீட்டிலிருந்த அமலை அழைத்தாள்.

"நேத்து கைமாத்துறப்ப வாயால சொன்னேன் அக்கா. அந்த நேரம் உங்களுக்கு போன் வந்துச்சு. எழுத மறந்துட்டேன். தப்பு என்னோடது."

"அரைகுறையா கேட்டுட்டு விட்டது நான். அத அப்புறம் பேசலாம்."

மாதுமை தஞ்சோங் மாலிம் நிலையத்தில் இடம் கேட்டாள். மருத்துவர் கையெழுத்திட்ட சிகிச்சைக் குறிப்பையும் கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் அனுப்பினாள். மாலை நாலரைக்கு உறுதி வந்தது: சனி காலை ஏழு மணி. ஐயாவுக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள்.

சரளாவுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் மாத இறுதியில், ஆவண வரியில் 'ஒன்று தாமதம்' என்று எழுதிக்கொண்டு இருவரும் அவர் அறைக்குப் போனார்கள். அழைப்புகளும் வேனும் முன்பைவிட நன்றாக இருந்தன. இந்த வரி மட்டும் மோசம். நடந்ததை அமல் சொன்னாள். இனி எழுதாத எதுவும் கைமாறியதாகாது, வாங்குகிறவர் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்திட வேண்டும் என்று புதிய விதியையும் சொன்னாள்.

சரளா தாளை மேசையில் வைத்தார். "முன்னாடி மாதுமை தனியா இருந்தப்ப இப்படி நடந்தா ஏன்னு எனக்குத் தெரியாது. இப்ப நீங்களே வந்து சொல்றதால தெரியுது."

மூன்றாம் மாதம் மூன்று வரிகளும் பழைய எண்களைவிட நன்றாக வந்தன. சரளா ஏற்பாட்டை நிரந்தரமாக்கினார். கையெழுத்திடும்போது, "ரஜீவ் எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

"கைத்தடி வச்சு வாசல் வரைக்கும் நடக்குறாரு மேடம்," என்றாள் மாதுமை. அமல் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் சேர்த்து, "ரொம்ப நன்றி மேடம்," என்றாள்.