கையெழுத்துக்குக் காத்திருந்த பெல்ட்

மூன்று மணி பத்துக்கு லாண்டரி ஃபோர்மேன் போன் செய்தபோது, 'புதுசு' அப்போதுதான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனாள். வேலைக்குச் சேர்ந்து நாலு வாரமாகியும் அந்த மெஷின் பெல்ட் கிடங்கில் எல்லோரும் அவளைப் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள்.

லாண்டரியில் துணி காயவைக்கும் பெரிய மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டதாம். நூற்றிருபது படுக்கை விரிப்புகள் சொட்டச் சொட்டக் கிடக்கின்றன. விடிந்தால் அத்தனையும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே நம்பரைச் சொன்னார். ரெண்டு வேண்டும். சரக்கு இருந்தது. நாலு மணி வண்டியில் ஏறினால் அஞ்சரைக்கு அவர் வாசலில் இறங்கிவிடும்.

"சார், ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும் எழுதி அனுப்பிடுங்க. வந்ததும் ஏத்திடுறேன்."

"அதான் வாயால சொல்லிட்டேனேம்மா."

வாயால் சொன்னது போதாது. வாடிக்கையாளரின் ஆர்டர் நம்பரைப் போடாமல் கம்ப்யூட்டர் டெலிவரி சீட்டை அச்சடிக்காது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், இரக்கப்பட்டு நம்பர் கட்டத்தில் 'போனில் சொன்னார்' என்று அடித்து ஒரு பெட்டியை அனுப்பினார். அங்கே போனால், யாரும் ஆர்டர் பண்ணவில்லை என்று ஒரேயடியாகச் சாதித்தார்கள். பெட்டி போன வழியே திரும்பி வந்தது. வேலை போன அவர் திரும்பி வரவில்லை.

அதற்காகச் சும்மா இருக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. விலையும் நம்பரும் போட்ட கொட்டேஷனை உடனே ஃபோர்மேனின் போனுக்கு அனுப்பினாள். பெல்ட்டைக் கட்டி வாசல் பக்கம் வைக்கச் சொன்னாள்.

மூன்று இருபதுக்கு அவரே கூப்பிட்டார். மெயில் வேலை செய்யவில்லையாம். போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றாள். ரெண்டு நிமிஷம் கழித்து, பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதாம். கையால் எழுதினாலும் சரிதான் என்றாள். பேனாவைக் காணோம் என்றார். பின்னால் வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது.

ஆர்டரை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. இந்த ஊருக்கு வந்த முதல் மாதம், வாடகை வீட்டுப் படிவத்தை நீட்டியபோது, நிரப்பத் தெரியாமல் அவளும் இப்படித்தான் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தேன் என்றாள். அவளுக்கு ஏது கண்ணாடி?

"அண்ணே, எங்க மேனேஜர் கொஞ்சம் நச்சு பிடிச்சவரு. அவருக்குப் பிடிச்ச மாதிரி நான் சொல்லச் சொல்ல எழுதிடுறீங்களா?"

"அப்படின்னா சொல்லும்மா," என்றார். குரலில் இருந்த முறுக்கு அவிழ்ந்துவிட்டது.

கம்பெனி பெயர் அச்சடித்த தாள், தேதி, கொட்டேஷன் நம்பர், பெல்ட் நம்பர், எத்தனை, விலை, எங்கே இறக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆர்டர் நம்பரை மட்டும் அவள் சொல்ல முடியாது, அது அவர்களுடையது. ஃபைலைப் புரட்டினார். ஆர்டர் எழுதும் அம்மா மூணு மாசத்துக்கு முன் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் கடைசியாகப் போட்டது இருநூற்றுப் பன்னிரண்டு. இவர் இருநூற்றுப் பதிமூன்று போட்டார்.

மூன்று நாற்பத்தைந்துக்குப் போட்டோ வந்தது. முத்து முத்தான எழுத்து. கீழே 'கையெழுத்து' என்று எழுதி, பக்கத்தில் வெறும் இடம்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் மறுபடி போன் போட்டாள்.

"அண்ணே, எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்து மட்டும் விட்டுப் போச்சு."

"விட்டுப் போகல." குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் போடலாமாம்மா? மூணு மாசமா எல்லா வேலையும் நாந்தான் பாக்குறேன். கையெழுத்து போடுன்னு யாரும் சொல்லல."

போடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல அவள் யார்?

"உங்க ஓனரைக் கேட்டுடுங்கண்ணே. போட்டுக்கோன்னு அவர் மெசேஜ் போட்டா, அதையும் சேத்து அனுப்பிடுங்க. பத்து நிமிஷம் வண்டியைப் பிடிச்சு வைக்கிறேன்."

வண்டியைப் பிடித்து வைப்பது லேசில்லை. டிரைவர் முறைத்தார். அவள் திறக்காமலே வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"லஞ்சமா தங்கச்சி? பச்சைத் தண்ணியிலயா?" என்றவர், வாங்கிக் குடித்தார்.

நாலு ஆறுக்கு ரெண்டு படங்கள் சேர்ந்தே வந்தன. ஒன்று ஓனரின் மெசேஜ்: 'நீ போடாம வேற யாருய்யா போடுவா? இனிமே எல்லாத்துலயும் நீயே போடு.' இன்னொன்று அதே ஆர்டர். கையெழுத்து அந்த வெறும் இடத்தில் அடங்காமல் தாளின் ஓரம் வரை ஓடியிருந்தது.

புதுசு நம்பர் கட்டத்தில் 213 என்று அடித்தாள். டெலிவரி சீட்டு அச்சாகி வந்தது. டிரைவர் அவள் தோளுக்கு மேலாக அந்த ஆர்டர் படத்தை எட்டிப் பார்த்தார்.

"யாரு இந்த ஆளு? சினிமா போஸ்டர் சைஸுல போட்டிருக்காரு."

"ஃபோர்மேன்," என்றாள் அவள். "முதல் கையெழுத்து. சீக்கிரம் கொண்டு போய்க் குடுங்கண்ணே, துணியெல்லாம் ஈரமாக் கெடக்கு."