தகுதியற்றவர்கள்

பள்ளி அலுவலகத்தில் மாற்றுச்சான்றிதழ் வேலை முடிந்து சகாயமேரி எழுந்தபோது மணி ஐந்தரை. இடுப்பு வலித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் இன்பசேகரன் அனுப்பிய ஆங்கிலத் தாள் போனில் காத்திருந்தது. ஞாயிறு ஆனையூரில் ரத்ததான முகாம். இன்றே தமிழில் வேண்டுமாம்.

டீ குடித்துக்கொண்டே எழுதினாள். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. பதிவு பன்னிரண்டரையோடு முடியும். வயது பதினெட்டுக்கு மேல், எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது. வெறும் வயிற்றில் வரக் கூடாது. கீழே, போன வருடம் போட்ட அதே தலைப்பு: 'தகுதியற்றவர்கள்'. யோசிக்கத் தெம்பில்லை.

டைப் செய்யும் கடையில் தங்கப்பொண்ணு அந்த இடத்தில் கையை நிறுத்தினாள்.

"அக்கா, இதை மாத்த முடியுமா?"

"ஏம்மா, எழுத்துப் பிழையா?"

"இல்ல. போன வருசம் எங்கம்மா வந்துச்சு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல ராத்திரி முழுக்க பூ கட்டிட்டு நேரா வந்துச்சு. ஹீமோகுளோபின் கம்மின்னு திருப்பி விட்டாக. வெளிய நோட்டீஸ்ல இந்த வார்த்தையை யாரோ சத்தமா படிச்சிருக்காக. 'நம்ம ரத்தத்துக்குக்கூட தகுதி இல்லையாம்'னுச்சு. ரெண்டு நாள் சாப்பிடல."

சாதி பார்க்கும் ஊரில் அவர்கள் தெரு அந்த வார்த்தையை எங்கெல்லாம் கேட்டிருக்கும் என்று சகாயமேரிக்குத் தெரியும். ஆங்கிலத் தாளை மறுபடி எடுத்தாள். அதில் இருந்தது இப்போதைக்குத் தள்ளிவைப்பு என்ற பொருள்தான். அவசரத்தில் அதைத் தகுதியின்மையாக்கியவள் இவளே.

ரத்த வங்கி ஆலோசகருக்குப் போன் போட்டாள்.

"ஹீமோகுளோபின் அளவு பன்னிரண்டரை இருக்கணும் மேடம். குறைஞ்சா மாத்திரை சாப்பிட்டு, சரியானதும் தாராளமா கொடுக்கலாம். பச்சை குத்துனவங்க ஒரு வருசம் கழிச்சு வரலாம். சில நோய் உள்ளவங்க மட்டும் எப்பவுமே கொடுக்க முடியாது. அதைத் தனியா போடுங்க."

தலைப்பை அடித்துவிட்டு எழுதினாள்: 'இப்போது கொடுக்க இயலாதவர்கள், பிறகு கொடுக்கலாம்'. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம் என்றும் சேர்த்தாள். நோட்டீஸ் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இன்பசேகரன் போனில் சலித்துக்கொண்டார்.

"எதுக்கும்மா இம்புட்டு நீளம்? பழசையே போட்டா என்ன?"

"பழசு தப்பு சார். நான்தான் தப்பா எழுதினேன். ரெண்டு பக்கமும் அடிச்சிருங்க."

ஞாயிறு பதினொரு மணிக்குத் தங்கப்பொண்ணுவின் அம்மா முருகம்மாள் வந்தாள். மகள் கட்டாயப்படுத்தி இட்லி கொடுத்து அனுப்பியிருந்தாள். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் இல்லையென்று தலையசைத்தாள். பதினொன்று புள்ளி ஆறு.

பதிவு மேசையிலிருந்த சகாயமேரி எழுந்து அருகே போனாள்.

"போன வருசம் எழுதினது நான்தான்ங்க. மன்னிச்சிருங்க."

முருகம்மாள் அவளை நிதானமாகப் பார்த்தாள். கோபம் போனதாகத் தெரியவில்லை.

"மாத்திரை எங்க குடுப்பாக?"

"சுகாதார நிலையத்துல. காசு கிடையாது."

"எம்புட்டு நாளைக்குத் திங்கணும்?"

"மூணு மாசம்கிட்ட ஆகும். டாக்டர் சொல்லுவாரு."

"சரி, போயிப் பாக்குறேன்" என்று நர்ஸ் எழுதிய சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். விடியவிடியப் பூ கட்டிக் கண்விழித்த நடை.

வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றார்கள். சகாயமேரி அடுத்தவரின் படிவத்தை வாங்கி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.