‘அவர்’ கட்டத்தில் யார் படம்

மூன்றாம் வகுப்புத் தமிழ் டீச்சருக்குத் தாளாளரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கூட்டம் போட்டால் “நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்று ஆரம்பிப்பார். சம்பள உயர்வு என்று யாராவது வாயெடுத்தால் “நாங்க யோசிச்சுச் சொல்றோம்” என்று முடித்துவிடுவார். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், கழற்றிவிட்டுச் சொன்னால் நாங்கள் என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வகுப்பில் சொல்ல முடியாததுதான் டீச்சருக்கு வருத்தம்.

அந்தப் பள்ளியில் சுவரில் எந்த அட்டை மாட்டினாலும் பள்ளிக்கூடத்து ஆட்களின் படத்தைத்தான் ஒட்ட வேண்டும். பெற்றோர் பார்த்துப் பூரித்துப்போவார்களாம். டீச்சரும் அப்படியே பிரதிப்பெயர் அட்டவணையைப் போட்டாள். ஒருமை, மரியாதை ஒருமை, பன்மை என்று மேலே மூன்று தலைப்பு. நான் என்றால் பன்மையில் நாம், நாங்கள். நீ என்றால் மரியாதைக்கும் நீங்கள், பன்மைக்கும் நீங்கள். அவன், அவள் இரண்டுக்கும் மரியாதை ஒன்றுதான், அவர். பன்மை அவர்கள். அது என்றால் அவை.

‘அவன்’ கட்டத்தில் தாளாளரின் மகன் படத்தை ஒட்டினாள். எட்டு வயது, அதே வகுப்புதான். ‘அவள்’ கட்டத்தில் ஆயாவின் மகள், அவளும் அதே வகுப்பு. ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால் அந்தக் கட்டத்தில் இரண்டு படம். ஒன்று தாளாளர், இன்னொன்று பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ஆயா.

தாளாளர் வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

“எம் பையன ‘அவன்’னு போட்டிருக்க?”

“சின்னப் பையன்தானே சார். வீட்ல நீங்க எப்படிச் சொல்வீங்க?”

“வீடு வேற, பள்ளிக்கூடம் வேற. டிரைவர்லேர்ந்து வாட்ச்மேன் வரைக்கும் அவன ‘அவர்’னுதான் சொல்றாங்க.” தன் வாயிலிருந்தே ‘அவன்’ வந்து விழுந்தது அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கிற தோலும் இல்லை. “எம் பக்கத்துல யாரு இது? ஆயாவா? அவள ‘அவர்’னு போட்டா நாளைக்கு தொடப்பத்தத் தொடுவாளா?”

“அவங்க பொண்ணு இந்த வகுப்புலதான் படிக்குது சார். வருஷம் முழுக்க இதத்தான் பாத்துப் படிக்கணும்.”

“படிக்கட்டும். உன்ன நிரந்தரமாக்குற உத்தரவு இன்னும் என் மேசையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க.”

மத்தியானமே கிளார்க் பசை டப்பாவோடு வந்தார். தாளாளர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் ரகம். தாளாளருக்குப் பக்கத்தில் எட்டு வயது மகன் ஏறிக்கொண்டான். ஆயா, மகள் இருந்த ‘அவள்’ கட்டத்துக்கு இறங்கினாள். காலியான ‘அவன்’ கட்டத்தில், பேரன் பேத்தி எடுத்த வாட்ச்மேன். கிளார்க் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, “இப்பத்தான் லட்சணமா இருக்கு” என்றார். அந்தப் பாழாய்ப்போன உத்தரவு டீச்சர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. தாளாளர், கிளார்க் இருவர் மேலும் இருந்த இளக்காரத்தில் பாதி அப்போது தன் மேலேயே திரும்பியது.

பள்ளி விட்டதும் ஆயா பெருக்க வந்தாள். மகள் பையை மாட்டிக்கொண்டு கூடவே நின்றாள். ஆயா அட்டையைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

“அட, எம் படத்தக்கூடப் போட்டிருக்கீங்களே டீச்சர். எனக்குப் படிக்கத் தெரியாது. என்னன்னு எழுதியிருக்கு?”

டீச்சர் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “‘அவர்’னு போட்டிருக்கும்மா.”

வகுப்பிலேயே முதலாவதாகப் படிக்கிற பெண். அவள் தப்பாகப் படித்து டீச்சர் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு டீச்சரைத்தான் பார்த்தாள். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிற பார்வை. ஆயா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தன் படத்தை ஒருமுறை தடவினாள்.

“அப்படியா? பெரிய மனசு சார்க்கு. நாளைக்கு அவரப் பாத்து ஒரு கும்பிடு போட்டுடறேன்.”

அந்த ஆளுக்குக் கும்பிடா? டீச்சர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து தாளாளர் மகனின் படத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். கிளார்க் விசுவாசத்தையெல்லாம் பசையில் காட்டியிருந்தார். தலையும் டையும் கிழிந்து வந்தன, ஷூ வரவில்லை. டீச்சர் ஆயாவின் படத்தைப் பதமாக உரித்து அந்த ஷூவின் மேலேயே அழுத்தி ஒட்டினாள்.

“ஐயோ, சின்னவர் படமாச்சே,” ஆயா பதறினாள். “கேட்டா என்ன டீச்சர் சொல்வீங்க?”

“நான்தான் ஒட்டினேன்னு சொல்வேன். உத்தரவ அவரே வச்சுக்கட்டும்.”

மகள் பையை இறக்கி வைத்துவிட்டு அட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இப்பப் படிக்கட்டுமா, டீச்சர்?”