இரண்டு வகரத்துக்கு நடுவே

வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. மற்றவர்கள் இருபதைத் தொட்டும் தொடாமலும் இருக்க, அவளுக்கு மட்டும் முப்பத்தாறு. ஒன்பது வருடம் வார்டு உதவியாளராக இருந்துவிட்டுச் செவிலியர் படிப்பில் சேர்ந்தவள். எழுத்துத் தேர்வுகளை ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். செய்முறைத் தேர்வில்தான், மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் பன்னிரண்டு சோடிக் கபால நரம்புகள் இரண்டு முறை அவள் காலை வாரிவிட்டன. மூன்றாவது முறைக்கு மேல் வாய்ப்பு கிடையாது. இன்றும் போனால் பதிவு ரத்து. மூன்று வருடப் படிப்பும் தண்ணீரில் போட்ட உப்பு.

தேர்வறைக்கு வெளியே பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் வால்யூம் உட்கார்ந்திருந்தாள். காதோடு பேசினாலும் கூடமே திரும்பிப் பார்க்கும் என்பதால் வந்த பெயர்.

“அக்கா, ஒரு தடவை சொல்லிடுங்க. சொன்னா பயம் போயிடும்.”

“மெதுவா பேசு. உள்ள கேக்கும்.”

“நான் மெதுவாத்தானே பேசறேன்!”

விடுதியில் எல்லோருமாகச் சேர்ந்து கட்டிய வாக்கியம் அது. ஒவ்வொரு சொல்லின் முதல் ஒலியும் வரிசைப்படி ஒரு நரம்பின் ஆங்கிலப் பெயருக்கு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “ஆளுக்கு ஆள் ஆசையா டீ டோஸ்ட் அடிச்சிட்டு, பில் வந்ததும் குனிஞ்சு வெளியே அப்படியே ஹையான்னு ஓடு.”

“கடைசில வர்ற ஓடு கணக்குல கிடையாது, ஞாபகம் வச்சுக்கங்க. போன தடவை ஒருத்தி பதிமூணு நரம்புன்னு எழுதிட்டு வந்தா.”

அக்கா சிரிக்கவில்லை. முதல் முறை டீயும் டோஸ்ட்டும் இடம் மாறின. நான்காவது நரம்புக்குக் கண்ணைப் பார்க்க வேண்டிய இடத்தில் பஞ்சால் கன்னத்தைத் தொட்டுவிட்டாள். இரண்டாம் முறை ‘அடிச்சிட்டு’, ‘அப்படியே’ இரண்டும் குழம்பி, கண்ணைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்ல வேண்டியவள் கழுத்தைத் திருப்பச் சொன்னாள். ஒவ்வொரு முறையும், வாக்கியத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் தன்னையே திட்டிக்கொண்டாள். இந்த ஆறு மாதத்தில் அதைப் பாத்திரம் கழுவும்போதும் பேருந்திலும் முணுமுணுத்துத் தேய்த்து வைத்திருந்தாள்.

அவள் எண்ணை அழைத்தார்கள்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் தேர்வாளர், கையில் மதிப்பெண் தாள். கட்டிலில் நோயாளியாக நடிக்க வந்த பெரியவர் அரைச் சாய்வில் படுத்திருந்தார். பக்கத்தில் தண்ணீர்த் தம்ளர். அட்டையில் எழுதியிருந்தது: ‘இவருக்கு நேற்று மூளைத்தண்டில் பக்கவாதம். தண்ணீர் கொடுக்கலாமா என்று மகள் கேட்கிறார். ஒன்பதாவது, பத்தாவது நரம்புகளைச் சோதித்து முடிவைச் சொல்லவும். எட்டு நிமிடம்.’

நடுவிலிருந்து கேட்பார்கள் என்று அவள் நினைக்கவேயில்லை. அந்த வாக்கியத்துக்கு வாசல் ஒன்றுதான். ஒன்பதுக்குப் போக ஒன்றிலிருந்து நடக்க வேண்டும். கையைக் கழுவி, பெரியவரிடம் பெயர் கேட்டு, தான் யாரென்று சொல்லி, சோதனைக்குச் சம்மதம் வாங்கினாள். அதுவரை சரி. பிறகு முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கினாள். ஆளுக்கு, ஆள், ஆசையா, டீ, டோஸ்ட், அடிச்சிட்டு, பில், வந்ததும். எட்டு விரல். ஒன்பதாவது விரல், அப்படியே.

“ஐயா, தோள் ரெண்டையும் தூக்குங்க. நான் அழுத்துவேன், விடாதீங்க.”

பெரியவர் தூக்கினார். இரண்டு தோளும் நன்றாகவே உயர்ந்தன. தேர்வாளரின் பேனா தாளைத் தொடவில்லை.

அந்தப் பேனாவைப் பார்த்தபடி அவள் நின்றாள். எங்கே தவறியது என்று உடனே தெரிந்தது. ‘வந்ததும்’ ஒரு வ, ‘வெளியே’ ஒரு வ. முதல் வகரத்தில் ஏறிய நாக்கு இரண்டாவதில் இறங்கிவிட்டது. நடுவிலிருந்த ‘குனிஞ்சு’ காணாமல் போயிற்று. எட்டிலிருந்து நேராகப் பதினொன்றுக்குத் தாவியிருக்கிறாள். டீயும் டோஸ்ட்டும், இரண்டு அகரமும், இப்போது வகரம். தவறியதெல்லாம் ஒலி இரண்டு முறை வருகிற இடத்தில்தான். வாக்கியத்துக்கு ஒலி மட்டும்தான் தெரியும். எந்த நரம்பு என்ன வேலை செய்யும் என்று அதற்குத் தெரியாது.

மறுபடி முதலிலிருந்து எண்ணலாம். மறுபடியும் வகரம் வரும்.

கடிகாரம் ஓடியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா தம்ளரைப் பார்த்தாள். தண்ணீருக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்பது வருடம் எத்தனை பேருக்கு ஊட்டியிருக்கிறாள். முதல் கரண்டிக்கு முன்னால் அவள் யாருடைய தோளையும் பார்த்ததில்லை.

மடக்கிய விரல்களை விரித்துக் கையை முன்னால் கொண்டுவந்தாள்.

“மேடம், தோள் பதினோராவது நரம்பு. தப்பா ஆரம்பிச்சுட்டேன். இப்ப சரியா செய்யறேன்.”

“செய்யுங்க. அஞ்சு நிமிஷம் இருக்கு.”

கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தினாள். “ஐயா, சாப்பிட்டீங்களான்னு என்னைக் கேளுங்க.”

“சாப்... பிட்டீங்களா?” குரல் கரகரத்து, தொண்டையில் எச்சில் தேங்கியதுபோல் ஈரமாக வந்தது. நன்றாகத்தான் நடிக்கிறார்.

“குரல் ஈரமா இருக்கு மேடம். இப்ப இருமுங்க ஐயா, பலமா.” இருமல் காற்றுப் போன பந்துபோல் விழுந்தது. “இருமலும் பலமில்ல. வாயைத் திறந்து ஆ சொல்லுங்க.” டார்ச் அடித்தாள்.

நடிப்பில் காட்ட முடியாததைத் தேர்வாளர் தாளிலிருந்து படித்தார்: “அண்ணம் ஒரு பக்கம் உயரல. உள்நாக்கு வலது பக்கம் போகுது. எந்தப் பக்கம் பலவீனம்?”

இதற்கும் ஒரு சூத்திரம் படித்திருந்தாள். அதைத் தேடவில்லை. கயிறு இழுக்கும் போட்டியை நினைத்தாள்; பலமுள்ள பக்கம்தான் தன்னிடம் இழுக்கும்.

“இடது பக்கம், மேடம்.”

“நரம்பு பேரு?”

நாக்கும் தொண்டையும் சேர்ந்த பெயர். அது பெயராக வரவில்லை, இடமாக வந்தது. “ஒன்பதாவது குளோஸோஃபேரிஞ்சியல், தொண்டையோட உணர்வு. பத்தாவது வேகஸ். அண்ணம் உயர்றது, குரல், இருமல்.”

பேனா அசைந்தது. தேர்வாளர் விடவில்லை. “தொண்டையைத் தொட்டா குமட்டல் வருதுன்னு வச்சுக்கங்க. அப்ப தண்ணி கொடுக்கலாமில்ல?”

“கூடாது. குமட்டல் வந்தா பத்திரமா விழுங்குவார்னு அர்த்தமில்ல. குரலும் இருமலும் இப்படி இருக்கறப்ப தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். வாய் வழியா எதுவும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். டாக்டருக்குச் சொல்லுவேன், விழுங்கறதைச் சோதிக்கற நிபுணரை வரச் சொல்லுவேன்.”

“மகள்கிட்ட?”

“அம்மா, அப்பாவுக்குத் தாகம்னு எனக்கும் தெரியுது. இப்ப தண்ணி குடுத்தா நுரையீரலுக்குப் போயிடும். வாயை ஈரப்பஞ்சால துடைச்சு விடறேன், நீங்களும் கூட இருங்க.”

மணி அடித்தது. பெரியவர் சட்டென்று நல்ல குரலில், “காலையிலேர்ந்து பதினாலு பேரு. அதுல ஆறு பேரு அப்படியே தண்ணிய ஊத்த வந்துட்டாங்க,” என்றார்.

“நீங்க பேசக்கூடாது,” என்றார் தேர்வாளர், தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

நான்கு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். வால்யூம் கூட்டத்தை முழங்கையால் விலக்கிப் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள். “அக்கா! பாஸ்! பதிமூணு! பன்னெண்டுதான் வேணும்!”

அக்கா தானும் போய், தன் எண்ணின் மேல் விரலை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்திப் படித்தாள். பதிமூன்றுதான்.

“இருபதுக்கு ஏழு போச்சே அக்கா, எதுல போச்சு?”

“தோள்ல கொஞ்சம். சும்மா நின்னுட்டு இருந்ததுல கொஞ்சம்.”

“ஏன் நின்னீங்க?”

அக்கா பட்டியலிலிருந்து விரலை எடுத்தாள். “நிக்காம இருந்திருந்தா திரும்ப எண்ணியிருப்பேன்டி,” என்றாள்.