எந்தச் செவ்வாய்?

ஹவுரா பாலத்துக்கு இந்தப் பக்கம் டல்ஹௌசியில் ஒரு கமாடிட்டி புரோக்கர் அலுவலகத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமை காலை சிஓடி ரிப்போர்ட்டைப் படித்து, தங்கம் பற்றி ஒரு பக்கம் எழுதுவேன். அமெரிக்க ஃபியூச்சர்ஸ் சந்தையில் பெரிய ஃபண்டுகள் எவ்வளவு வாங்கி வைத்திருக்கின்றன, எவ்வளவு விற்று வைத்திருக்கின்றன என்று செவ்வாய்க்கிழமை நிலவரத்தை அமெரிக்க அரசு அந்த ரிப்போர்ட்டில் வெள்ளியன்று வெளியிடும். வாங்கியதில் விற்றதைக் கழித்து வரும் மிச்சம் அளவுக்கு மீறி நின்றால், வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள், இனி இறங்க வாய்ப்பு அதிகம் என்று நான் எழுதுவேன். பல தடவை பலித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

சிவலிங்கம் சார் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்ப் பையன் என்பதற்காகவே என்னிடம் வந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யுமுன் ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும், கையிலிருப்பது போதவில்லை.

அக்டோபரில் பட்ஜெட் தகராறில் அமெரிக்க அரசு முடங்கி, ரிப்போர்ட்டும் நின்றது. நவம்பர் கடைசியில் வந்ததைத் திறந்தேன். ஃபண்டுகள் தங்கத்தைக் குவித்து வைத்திருந்தன. "சார், விக்கலாம்" என்றேன். கையில் தங்கம் இல்லாமலே, விலை இறங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஐந்து மினி லாட், அதாவது அரைக் கிலோ, விற்றார்.

தங்கம் ஏறியது. நஷ்டத்துக்கு ஈடாக மார்ஜின் பணம் கேட்டார்கள், கட்டினார். மறுபடி கேட்டார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் கட்ட முடியாமல் போக, அலுவலகமே நஷ்டத்தோடு கணக்கை முடித்துவிட்டது.

அப்புறம்தான் ரிப்போர்ட்டின் மேல் வரியில் இருந்த தேதியைப் பார்த்தேன். அது அக்டோபர் மாதத்துச் செவ்வாய். விட்டுப்போன ரிப்போர்ட்டுகளை அவர்கள் வரிசையாக, பழையதிலிருந்து வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குவியல் என்று பார்த்த ஃபண்டுகளில் பல அதற்குப் பிறகு வந்த அக்டோபர் விலைச் சரிவிலேயே விற்றுவிட்டுப் போயிருந்தன. தேதியைப் பார்க்காமலே, வெளிவந்த வாரத்தின் செவ்வாய்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுவது என் பத்து வருடப் பழக்கம். பாழாய்ப்போன பழக்கம்.

ஜனவரியில் அவர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் சூதாடலையே தம்பி?"

"இல்ல சார். தப்பு என்னோடதுதான்."

"இத வீட்டுல வந்து சொல்றியா? என் சம்சாரம் கிருஷ்ணம்மா எங்கூடப் பேசியே பத்து நாளாச்சு. நான் சூதாடித் தொலைச்சுட்டேன்னு நெனைக்கிறா. பணம் போனது போகட்டும். இத மட்டும் சொல்லிடு."

"ஞாயித்துக்கெழமை வரேன் சார்."

மறுநாள் மேலதிகாரியைக் கேட்டேன். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் தப்பை ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்றார். ஞாயிறன்று ஹவுரா ஸ்டேஷன் வரை போனேன். சாந்த்ராகாச்சிக்கு டிக்கெட்டும் எடுத்தேன். மூன்று லோக்கல் ரயில்கள் போயின, ஏறவில்லை. திரும்பிவிட்டேன்.

அந்த குவார்ட்டர்ஸில் இப்போது வேறு குடும்பம். சாரும் கிருஷ்ணம்மாவும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இன்னும் சனிக்கிழமைகளில் எழுதுகிறேன், தேதியை முதலில் பார்த்துவிட்டு.