தம்பி அழிக்கச் சொன்ன கேம்கள்

தம்பி புஷ்பராஜ் டோஹாவுக்குப் போகும்போது விட்டுப்போன கேமிங் லேப்டாப்பில்தான் நான் கலியாண வீடியோக்களை எடிட் பண்ணுகிறேன். பெயருக்குத்தான் அது கேமிங். ஓன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுமைக்கும் எனக்கும் வெகு தூரம். சனியனைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் இருக்கும் நபீஸின் ரிப்பேர் கடைக்குப் போனேன்.

நபீஸ் பார்த்துவிட்டு, மெஷினில் பிழையில்லை, உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுபடுகிறது என்றார். அதைக் கழற்றி, சுழலாத, வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் அப்படியே அதற்கு மாற்றிவிடலாமாம். ஆனால் புதியது 500 ஜி.பி.; பழையதில் எழுநூறுக்கு மேல் நிறைந்திருந்தது. முக்கால்வாசி தம்பியின் கேம்கள். கொஞ்சம் அழித்தால்தான் அடங்கும் என்றார்.

ஒரு கேமில் கைவைத்தாலே டோஹாவிலிருந்து கத்துகிறவன் அவன். சித்திரையோடு வேலையை விட்டு வந்து விளையாடுவானாம். எங்கள் டேட்டா பெக்கேஜில் அதையெல்லாம் திரும்ப இறக்க மாதக்கணக்காகுமாம். அவன் வருகிறான் என்று அம்மா அவனுடைய அறைக்குப் பெயின்ற் கூட அடிப்பித்துவிட்டார். சண்டைக்குத் தயாராகத்தான் போனில் அவனுக்குக் கோல் எடுத்தேன்.

"எல்லாத்தையும் அழி அக்கா," என்றான்.

விளையாட வருகிறவன் அப்படிச் சொல்லமாட்டான். "நீ வரேல்லை, என்ன?"

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் வச்சிட்டன். அம்மாட்டை என்னெண்டு சொல்றதெண்டு தெரியேல்லை."

கடையென்றும் பார்க்காமல் வாயில் வந்தபடி ஏசினேன். நான் கேட்டிராவிட்டால் சித்திரை வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருப்பான், கள்ளன். கோபம் கோபமாக வந்தது. அதைவிட அழுகை வந்தது.

இதற்குள் நபீஸ் அடிமூடியைத் திறந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னார். "டிஸ்க்க கழட்டத் தேவல்ல மிஸ். இன்னொரு இடம் சும்மா ஈக்குது."

சூயிங்கம் பட்டை அளவிலான எஸ்.எஸ்.டி. ஒன்று அந்தக் காலி இடத்தில் நிற்குமாம். இந்தப் பழைய மெஷின் எந்த வகையை ஏற்கும் என்று பார்த்து எடுத்துப் பூட்டி, விண்டோஸைப் புதிதாக அதில் போட்டார். பழைய டிஸ்க் கேம்களோடு தன் இடத்திலேயே இருந்தது. ஓன் பண்ணினால் கண் இமைப்பதற்குள் வந்து நின்றது.

திரும்பவும் தம்பிக்குக் கோல் எடுத்தேன். ஒன்றையும் அழிக்கவில்லை, ஆனால் அம்மாவுக்கு நீதான் சொல்லவேண்டும், நான் சொல்லமாட்டேன் என்றேன். சரி என்றான். வீட்டுக்குப் போனதும் அவனுக்குக் கோல் எடுத்து, போனை அம்மாவிடம் நீட்டினேன்.

அவன் வாய் திறக்கமுதல் அம்மா கேட்டார்: "தம்பி, உன்னைக் கூட்டிக்கொண்டுவர எயார்போட்டுக்கு வான் எந்தத் திகதிக்குச் சொல்லி வைக்கிறது?"